சீட்டு வாங்காத நோயாளி

முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு மருந்தாளுநராக வேலை பார்த்தேன். கடைசிப் பதினோரு ஆண்டுகள் திண்டிவனத்துக்குக் கிழக்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நான் ‘மாத்திரை சார்’. என் வேலைக் காலத்தில் மருந்தை மாற்றிக் கொடுத்தேன் என்றோ அளவு தவறினேன் என்றோ ஒரு புகாரும் வந்ததில்லை. புகார் சொல்லியிருக்க வேண்டியவள் என் வீட்டிலேயே இருந்தாள். அவளும் சொல்லவில்லை. எனக்கு எழுபது முடிந்துவிட்டது. அவள் சொல்லாததை நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் நிலையத்துக்கு வருகிற நோயாளி முதலில் வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். டாக்டர் அந்தச் சீட்டில் மேலே தொந்தரவுகளையும் கீழே மருந்துகளையும் எழுதுவார். சீட்டைப் பார்த்து ஜன்னல் வழியாக நான் மருந்து கொடுப்பேன். இது ஊர் ஜனங்களுக்கான விதி. ஊழியர் வீடுகளுக்கு வேறு பழக்கம் இருந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் வரிசையில் நிற்க மாட்டார்கள். நாங்கள் நிற்க விட மாட்டோம். டாக்டர் டீ குடிக்கும்போது, ‘வீட்ல கொஞ்சம் உடம்பு சரியில்ல மேடம்’ என்று சொன்னால் அவர் ஒரு மருந்தின் பெயரைச் சொல்வார். என் விஷயத்தில் அதுகூட இல்லை. எல்லா மருந்தும் என் அலமாரியில் இருக்கும்போது நான் யாரைக் கேட்க வேண்டும்? மாலையில் ஒரு காகிதக் கவரில் போட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவேன். அது தவறு என்று தோன்றியதே இல்லை. ஒரு சலுகையாகவும் கொஞ்சம் கௌரவமாகவும் அதை நினைத்திருந்தேன்.

என் மனைவிக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பெருமுக்கல் போகிற வழியில் உள்ள ஓர் ஊரின் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். எங்கள் பெண் பிறப்பதற்கு முன்பே அந்த வேலைக்குப் போனவள். என் சிபாரிசு எதுவும் இல்லாமல் நேர்முகத்துக்குத் தானே போய் வாங்கின வேலை. காலையில் எந்தப் பிள்ளை வீட்டில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளை மட்டும் மத்தியானம் வரிசையில் முன்னால் நிறுத்திக்கொள்வாள். வீட்டுக்கு வந்தால் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான் இருக்கும்.

ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே, நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை, வயிறு கல் மாதிரி இருக்கிறது என்றாள். மலச்சிக்கலைக் கணவன் மனைவி உட்கார்ந்து பேசிக்கொள்ளும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் மலமிளக்கி மாத்திரை பத்து கொண்டுவந்து கொடுத்தேன். ராத்திரி ஒன்று போட்டால் காலையில் போகும். போயிற்று. சில மாதம் கழித்து ஒன்று போதவில்லை, இரண்டாக்கினேன். பிறகு இசப்கோல் உமி, ஞாயிற்றுக்கிழமை விளக்கெண்ணெய், தினம் இரண்டு வாழைப்பழம் என்று சேர்ந்துகொண்டே போயிற்று. மருந்தை நிறுத்தினால் பழையபடி நாலு நாள், ஐந்து நாள் ஆகும். தண்ணீர் குடிப்பதில்லை, கீரை சாப்பிடுவதில்லை என்று அவள் மேல் குற்றம் சொன்னேன். அவள் இரண்டையும் செய்துகொண்டுதான் இருந்தாள்.

கொஞ்ச நாளில் அசதி என்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் படுத்துவிடுவாள். கண் இமையின் உள்பக்கத்தைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொண்டுவந்தேன். இரும்பு மாத்திரை மலத்தை இறுக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வாரா வாரம் கர்ப்பிணிப் பெண்களுக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கும்போது, ‘கறுப்பாப் போவும், கெட்டியாவும் போவும், பயப்படாதீங்க’ என்று சொல்லிக் கொடுப்பவன் நான்தான். இறுகின வயிற்றோடு இருக்கிற சொந்த மனைவிக்கு அதைக் கொடுத்தபோது எனக்கு அந்த வாக்கியம் ஞாபகம் வரவில்லை. அவள் அசதி என்று கேட்டாள், அசதிக்கு மருந்து கொடுத்தேன். அவ்வளவுதான்.

அடுத்து தோல். முழங்காலுக்குக் கீழே நகத்தால் கோடு போட்டால் வெள்ளையாக எழுதும். குதிகால் வெடித்திருந்தது. தலைமுடி கொட்டியது. அதற்கு ஒரு களிம்பு கொண்டுவந்தேன். தனிக் கவரில்.

இப்படி மூன்று தொந்தரவு, மூன்று கவர். மூன்று வருடத்தில் அவளுக்காக ஒரு சீட்டுகூடப் போடப்படவில்லை. அந்த மூன்றும் ஒரே தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருந்தால், படிக்கிற எந்த டாக்டரும் ஒரு நிமிடம் பேனாவை நிறுத்தியிருப்பார். என் வீட்டில் அவை ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. சந்திக்க விடாதவன் நான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரே கழிப்பறை. காலையில் அவள் உள்ளே போனால் அரைமணி நேரம் ஆகும். நான் நேரத்துக்குக் கிளம்புகிறவன். கதவைத் தட்டுவேன். ‘உள்ளயே குடித்தனம் பண்றியா?’ என்பேன். எங்கள் பெண்ணும் மருமகனும் கல்யாணமான புதிதில் வந்து தங்கியிருந்தார்கள். மருமகன் முன்னாலும் அதையே சொன்னேன். அவர் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அவள் வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் அடுப்படிக்குப் போய் இட்லித் தட்டை எடுத்தாள். அவர்கள் இருந்த மூன்று நாளும் விடியற்காலை எல்லாரும் எழுவதற்கு முன்பே அவள் போய்விட்டு வந்ததை நான் கவனித்தேன். கவனித்தும், பரவாயில்லை, சீக்கிரம் எழுந்திருக்கப் பழகிவிட்டாள் என்று நினைத்தேன்.

அவளுடைய பள்ளிக்கூடத்தில் சமைக்கிற ஒரு பெண் இருந்தாள். பிள்ளைகள் அவளை ஆயா என்பார்கள், வயது என்னவோ என் மனைவியைவிட ஏழெட்டு குறைவு. காலனியிலிருந்து வருகிறவள். பள்ளி விடுமுறையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போவாள். அவளுக்கு நாலு வருடமாகத் தைராய்டு குறைபாடு. கை கால் ஓய்ந்துபோய் விழுப்புரத்துக்குப் போய், பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று, சீட்டு போட்டு, ரத்தம் கொடுத்துத் தெரிந்துகொண்டவள். மாதா மாதம் அங்கேயே போய் மாத்திரை வாங்கிக்கொள்வாள். எங்கள் நிலையத்தில் அந்த மாத்திரை அப்போது இருப்பில் இல்லை. அதனால் அது என் கையில் புழங்கியதில்லை.

என் மனைவியிடம் வந்திருந்த மாறுதலை முதலில் பார்த்தது அந்தப் பெண்தான். சித்திரை மாதத்தில் என் மனைவி அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள். குரல் கம்மிப் போயிருப்பதைக் கேட்டாள். புருவத்தின் வெளிக்கோடியில் முடி இல்லாமல் போயிருப்பதைக்கூடச் சொன்னாளாம். மூன்று வருடமாகத் தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். அந்தப் புருவத்தை நான் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் என் மனைவி அதை என்னிடம் சொன்னாள்.

“ஆயா சொல்றாங்க, எனக்கு தைராய்டா இருக்கும்னு. அவங்களுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுதாம். வயிறு போவாம, அசந்து அசந்து வந்துக்கினு.”

“அவ இன்னா டாக்டரா? சோறாக்குறவ பேச்சக் கேட்டுக்கினு வந்து எங்கிட்ட சொல்றியா?”

“டாக்டர் இல்ல. அவங்களுக்கு வந்துக்குது. அதான் தெரிஞ்சிருக்குது.”

“கழுத்துல வீக்கம் இருக்குதா? இல்லல்ல? அப்ப தைராய்டு இல்ல.”

அத்துடன் பேச்சு முடிந்தது. கழுத்தில் வீக்கமே இல்லாமல் தைராய்டு சுரப்பு குறைந்துபோகும் என்பது நான் படித்த படிப்பில் எங்கேயோ இருந்திருக்கும். நான் அதைத் தேடவில்லை. ‘சோறாக்குறவ’ என்று நான் சொன்னதில் சமையல் மட்டும் இல்லை. அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பதும் அதில் இருந்தது. அந்த வாயிலிருந்து ஒரு நோயின் பெயர் வருவதையும், அது என் வீட்டுக்குள் வந்து என்னைத் திருத்துவதையும் என்னால் தாங்க முடியவில்லை. வெளியில் நான் சாதி பார்க்காதவன் என்று பெயர். எனக்கும் அப்படித்தான் நம்பிக்கை இருந்தது.

ஆடி மாதத்தில் ஒன்றிய அலுவலகத்திலிருந்து அவளுடைய பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்தார்கள். மணி ஒன்று. பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அமைப்பாளர் அரிசி மூட்டையில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருக்கிறார். முட்டை இன்னும் அவிக்கப்படவில்லை. எழுப்பினால், இன்று என்ன கிழமை என்று கேட்டாளாம். அந்த வாரமே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

எனக்குக் கோபம். பயமும் இருந்தது. என் பெயர் தெரிந்த வட்டாரம் அது. மாத்திரை சார் சம்சாரம் வேலை நேரத்தில் தூங்கினாள் என்று பேசுவார்கள். அவர்களாக நீக்குவதற்கு முன்னால் நாமாக விலகிவிடுவது நல்லது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்தது நான். உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதினேன். எனக்கு நல்ல கையெழுத்து. ‘உடல்நலக் குறைவு காரணமாகப் பணியைத் தொடர இயலாத நிலையில்’ என்று ஆரம்பித்தேன். என்ன உடல்நலக் குறைவு என்று எழுதும்போதுகூட என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். இன்னும் எட்டு வருஷம் இருக்கே என்றாள். படுத்துத் தூங்குவதற்கு எதற்கு வேலை என்றேன். கையெழுத்துப் போட்டாள்.

கலெக்டர் ஆபீஸில் நேரில் கொடுக்க வேண்டும் என்று எண்ணியிருந்தேன். அன்று எனக்கு மருந்து இருப்புச் சோதனை, விடுப்பு எடுக்க முடியவில்லை. தானே விழுப்புரம் போய்க் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னாள். தனியாகப் போக முடியாதே என்றேன். ஆயா வருகிறாள் என்றாள். அவளும் அன்று மாத்திரை வாங்கப் போகிற நாள்.

அதற்குப் பிறகு நடந்ததை இரண்டு பேரும் வெவ்வேறு சமயத்தில் எனக்குச் சொன்னார்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் என் மனைவி அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். ராஜினாமா செய்யாதீர்கள் என்றோ உங்கள் வீட்டுக்காரர் செய்வது தவறு என்றோ சமையல்காரப் பெண் சொல்லவில்லை. அமைப்பாளரை டீச்சர் என்று கூப்பிடுவது அங்கே வழக்கம். அவள் சொன்னது இதுதான்:

“டீச்சர், ஆபீஸு சாயங்காலம் வரைக்கும் தொறந்துக்கினு இருக்கும். ஓ.பி. பன்னெண்டுக்கு மூடிடுவாங்கோ. ஜல்தி போயி மொதல்ல சீட்டு போட்டுக்கலாம். காயிதம் எங்க போவப் போவுது, பையிலதான கீது.”

அப்படித்தான் என் மனைவி வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு சீட்டு வாங்கினாள். ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றார்கள். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

டாக்டர் ஓர் இளம்பெண். என்ன தொந்தரவு என்று கேட்டதற்கு என் மனைவி, வயிறு சரியாகப் போவதில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள். மூன்று வருடம் என்னிடம் சொல்லிச் சொல்லி, ஒரு நேரத்தில் ஒரு தொந்தரவு என்று பழகிவிட்டவள். பக்கத்தில் நின்ற பெண்தான் மற்றதை எல்லாம் போட்டு உடைத்தாள். தூங்கிக்கொண்டே இருக்கிறார்கள், அடுப்பண்டை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள், கால் பாருங்கள் எப்படி இருக்கிறது என்று புடவையை இரண்டு விரற்கடை தூக்கிக் காட்டியிருக்கிறாள். டாக்டர் எல்லாவற்றையும் எழுதினார். மலத்தில் ரத்தம் வந்ததா, எடை குறைந்ததா, வீட்டில் யாருக்காவது குடலில் கட்டி இருந்ததா என்று கேட்டார். இல்லை, எடை கூடித்தான் இருக்கிறது. நாடி பிடித்தார், நிமிடத்துக்கு ஐம்பத்து நாலு. பிறகு ஒரு நாற்காலியில் முட்டி போட்டு நிற்கச் சொல்லி, குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளிவிட்டு, வந்த வேகத்தில் திரும்பாமல், யோசித்து யோசித்துப் பழைய இடத்துக்கு வந்தது என்று என் மனைவி சொன்னாள். ஏன் என் கால் இப்படி இருக்கிறது என்று சிரித்துவிட்டாளாம். ரத்தம் எடுத்தார்கள். முடிவு இரண்டு நாளில் என்றார்கள்.

சாயங்காலம் வந்தவளிடம், கடிதத்தைக் கொடுத்தாயிற்றா என்று கேட்டேன்.

“குடுக்கல.”

“ஏன்?”

“ரத்தம் குடுத்துட்டு வந்திருக்கேன். அது வர்ற வரைக்கும் இருக்கட்டும்.”

அதைச் சொன்னபோது அவள் குரல் கரகரவென்று இருந்தது. அந்தக் கம்மலை அன்றுதான் நான் கேட்டேன்.

முடிவை வாங்க நான்தான் போனேன். ஜன்னலில் தாளைக் கொடுத்தார்கள். டி.எஸ்.ஹெச். என்ற இடத்தில் அறுபத்து மூன்று என்று இருந்தது. பக்கத்தில் அச்சிட்டிருந்த மேல் எல்லை ஐந்துக்கும் கீழே. தைராய்டு சுரப்பு குறையும்போது, இன்னும் சுர இன்னும் சுர என்று மூளையிலிருந்து வருகிற உத்தரவுதான் அந்த எண். அறுபத்து மூன்று என்றால் எத்தனை காலமாக அந்த உத்தரவு போட்டுக்கொண்டிருந்திருக்கும். சுரப்பின் அளவோ கீழ் எல்லைக்கும் மிகவும் கீழே. அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த நாள் அவளை நானே அழைத்துக்கொண்டு போனேன். அந்தச் சுரப்பு குறைந்தால் உடம்பில் எல்லாமே மெதுவாகிவிடும், இதயம், தோல், மூளை, குடல் எல்லாம் என்று டாக்டர் சொன்னார். குடலின் தசை மெதுவாக நகர்த்துவதால் மலத்தின் தண்ணீர் வற்றி இறுகிவிடுகிறது. வெறும் மலமிளக்கியால் அதன் காரணம் போகாது. எல்லா மலச்சிக்கலும் தைராய்டு இல்லை, ஆனால் விடாத மலச்சிக்கலோடு அசதியும் வறண்ட தோலும் குளிரும் சேர்ந்து வந்தால் பார்த்துவிட வேண்டும் என்றார். பிறகு, இரும்பு மாத்திரை எத்தனை நாளாக, யார் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். ரத்தசோகையும் இருந்ததால் இரும்பை நிறுத்தவில்லை. ஐம்பது மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை தினம் ஒன்று, கால்சியம் ஒன்று என்று எழுதினார். இரண்டு மாத மருத்துவ விடுப்புக்குச் சான்றிதழ் கொடுத்தார். எப்படிப் போட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

“நான் பார்மசிஸ்ட்தான் மேடம். பாத்துக்கறேன்” என்றேன்.

அவர் நிறுத்திக்கொண்டார். அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். அந்த ஒரு வரியை நான் சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

மருத்துவச் சான்றிதழைப் பார்த்து ஒன்றிய அலுவலகத்தில் விடுப்புக் கொடுத்தார்கள். பக்கத்து ஊர் அமைப்பாளர் கூடுதலாகப் பார்த்துக்கொண்டார். ஆனால் விடுப்பு முடிந்ததும் உடல் தகுதியோடு வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று தெளிவாகச் சொன்னார்கள். அவள் நாட்காட்டியில் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இந்த முறை எந்தக் குறையும் வைக்கக் கூடாது என்று மருந்து முழுவதையும் நான் ஏற்றுக்கொண்டேன். தைராய்டு மாத்திரை, இரும்பு, கால்சியம், சத்து மாத்திரை நான்கையும் ஒரு மூடியில் போட்டு, காலையில் காபி டம்ளரோடு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். என் கண் முன்னால் விழுங்க வேண்டும். ஐம்பது நாளில் ஒருநாள்கூடத் தவறவில்லை. பரிகாரம் செய்கிறேன் என்று எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. வெறும் வயிற்றில் போட வேண்டும் என்பது தெரியும். காபி சாப்பாடு இல்லையே என்று நினைத்தேன்.

ஏழு வாரம் ஆகியும் ஒன்றும் மாறவில்லை. வயிறு அப்படியே. தூக்கம் அப்படியே. விடுப்பு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. நான் மறுபடியும் ராஜினாமாப் பேச்சை எடுத்தேன். கண்டுபிடித்தார்கள், மருந்தும் சாப்பிட்டாயிற்று, உன் உடம்பு இவ்வளவுதான் என்றேன். இனி அவ்வளவுதான் என்று அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. நாட்காட்டியைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

மறுபரிசோதனையில் எண் ஐம்பத்தொன்று. டாக்டர் தாளை வைத்துவிட்டு என் மனைவியிடம், மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டார்.

“அவுரு குடுக்கறத போட்டுக்கறேன்.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் மூடி, காபி, நான்கு மாத்திரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது ஒழுங்காகச் செய்திருக்கிறேன் என்ற தொனியில்தான் ஆரம்பித்தேன். பாதியில் அவர் முகத்தைப் பார்த்து என் குரல் இறங்கிவிட்டது.

“சார், இரும்பையும் கால்சியத்தையும் இதோட போட்டா இது உள்ள ஏறாது. வயித்துலயே அதுங்க இத புடிச்சுக்கும். நாலு மணி நேரமாவது தள்ளிப் போடணும். காபியும் அப்பிடித்தான், ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் குடிக்கணும். இத்தன நாளு அம்மா மாத்திர போட்டதுல பாதி போடாத மாதிரிதான்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அளவைக் கூட்டவில்லை, நேரத்தை மட்டும் மாற்றினார். இன்னும் ஒன்றரை மாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார். இதுதான் கடைசி என்று சொல்லி ஒன்றிய அலுவலகத்தில் பிறகு அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மருந்துப் பை என் மடியில் இருந்தது. விக்கிரவாண்டி தாண்டியதும் என் மனைவி கையை நீட்டி அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இனிமே இத நான் பாத்துக்கறேன்” என்றாள்.

சரி என்றேன்.

அன்றே அவள் சமையல்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, மாத்திரை எப்படிப் போடுகிறாள் என்று கேட்டுக்கொண்டாள். அவளுடைய முறை சுலபமானது. குழாயில் தண்ணீர் பிடிக்க எழுந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரை. தண்ணீர் பிடித்து, வாசல் பெருக்கி, கோலம் போட்டு முடித்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். அதற்குப் பிறகு காபி. இரும்பு மத்தியானம், கால்சியம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின். எழுதப் படிக்கத் திணறுகிற ஒரு பெண் நாலு வருடமாகப் பிசகாமல் செய்துகொண்டிருந்ததை, முப்பது வருடம் மருந்து கொடுத்தவன் ஐம்பது நாளில் பாழாக்கியிருந்தேன்.

நாலாவது வாரம் என்று நினைக்கிறேன். காலையில் நான் பல் துலக்கிக்கொண்டு நின்றேன். அவள் கழிப்பறைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தாள். மலமிளக்கியை அதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டர் சொன்னபடி குறைத்து நிறுத்தியிருந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். வயிறு சரியாகிவிட்டதா என்று கேட்கிற தகுதி எனக்குப் போய்விட்டிருந்தது. அடுத்த பரிசோதனையில் எண் ஒன்பதுக்கு இறங்கியிருந்தது. அளவை எழுபத்தைந்து ஆக்கினார்கள், பிறகு அது எல்லைக்குள் வந்து நின்றது. தோல் சரியாக இன்னும் மாதங்கள் ஆயின. புருவம் கடைசியாக வந்தது.

தகுதிச் சான்றிதழ் வாங்கி அவள் மறுபடியும் வேலையில் சேர்ந்த நாளில் என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். சமையல்காரப் பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் தயாரித்துக்கொண்டு போனேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். எழுந்து, வாங்க சார் என்றாள். நான் தயாரித்தது எதுவும் வரவில்லை. அதற்குப் பதில், “மாத்திர ஒழுங்கா போடுறீங்களா?” என்று கேட்டேன்.

“போடறேன் சார். காப்பிக்கு முந்தி” என்றாள்.

என் மனைவி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இன்று வரைக்கும் அந்தப் பெண்ணிடம் நன்றி சொல்லவில்லை. அவளைப் பற்றி நான் சொன்ன சொல் அவளுக்குத் தெரியுமா என்றும் எனக்குத் தெரியாது. என் மனைவி சொல்லியிருக்க மாட்டாள்.

எனக்கு அப்புறம் ஒரு வருடம்தான் வேலை இருந்தது. அந்த ஒரு வருடம், ஜன்னலில் யாராவது இரண்டாம் முறை மலமிளக்கி கேட்டு வந்தால், அசதி இருக்கிறதா, தோல் வறண்டிருக்கிறதா, மற்றவர்களைவிட அதிகமாகக் குளிர்கிறதா என்று கேட்டு, ஆம் என்றால் மாத்திரையைக் கொடுக்காமல் சீட்டோடு டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். பேஜாரு பிடிச்ச ஆளு என்று ஒரு கிழவர் என் காதுபடத் திட்டினார். பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது. சிலருக்கு இருந்தது. ஊழியர்கள் வீட்டுக்கு மருந்து கேட்டால் அவர்களையும் அழைத்து வரச் சொன்னேன். அதனால் கொஞ்சம் நட்புகள் போயின.

இதையெல்லாம் செய்ததால் என் மனைவிக்கு அந்த மூன்று வருடம் திரும்பி வராது. அவள் எட்டு வருடம் முழுதாக வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். அந்த எட்டு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளை வரிசையில் முன்னால் நிறுத்தியிருப்பாள்.

போன மாதம் ஒருநாள், இருவரும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, பல காலமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். அன்றைக்கு ஆயா கூட வரவில்லை என்றால் என்ன செய்திருப்பாய், உண்மையாகவே வேலையை விட்டிருப்பாயா என்று.

அவள் யோசிக்கவில்லை.

“விட்டிருப்பேன். நீங்க சொன்னா நான் கேட்டுடுவேன். அப்ப அப்பிடித்தான் இருந்தேன்.”

சொல்லிவிட்டு, மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், புழுக்கமாக இருக்கிறது என்றாள். நான் எழுந்துபோய்க் கூட்டி வைத்தேன்.